புண்ணிலிருந்து யார் வெளியேறியது?

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். தையல் போட்ட இடத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது, எப்போது குளிக்கலாம், என்ன ஆனால் உடனே திரும்பி வரவேண்டும் என்றெல்லாம் இரண்டு பக்கத்துக்குள் இருக்கும். அப்படி ஒரு தாளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்தது. சின்ன வேலை. ஒரு மாலையிலேயே முடித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் சரிபார்ப்பவரிடமிருந்து போன். நீண்ட காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா அவர். மருத்துவம் சம்பந்தப்பட்ட எதுவும் அவர் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகும்.

“தம்பி, ஏழாவது வரியைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க.”

வாசித்தேன். “புண்ணிலிருந்து மஞ்சள் நிற வெளியேற்றம் இருந்தால் உடனே மருத்துவரை அணுகவும்.”

“புண்ணுல இருந்து யாருப்பா வெளியேறினது?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதற்குமேல் அவர் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார். அந்தத் தாளை வாங்கிப் போகிறவருக்கு வெளியேற்றம் என்றால் ஒன்றும் விளங்காது, கட்டு ஈரமாகி மஞ்சளாக ஊறிக்கொண்டிருந்தாலும் தாளில் சொன்னது இதைத்தான் என்று தோன்றாது, நாலு நாள் கழித்துக் காய்ச்சலோடு வந்து நிற்பார் என்றார்.

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் டிஸ்சார்ஜ். அந்தத் தாளில் அது மூன்று இடத்தில் வந்தது. தலைப்பில் ஒருமுறை, அதாவது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவோருக்கான குறிப்புகள் என்ற பொருளில். நடுவில் ஒருமுறை, புண்ணிலிருந்து வருவது என்ற பொருளில். கடைசிப் பத்தியில் ஒருமுறை, வினையாக. நான் என்ன செய்தேன் என்றால், தலைப்பை மொழிபெயர்க்கும்போது அகராதியைத் திறந்தேன், கண்ணில் முதலில் பட்ட ‘வெளியேற்றம்’ என்பதை எடுத்தேன், அகராதியை மூடினேன். மற்ற இரண்டு இடத்துக்கும் அதையே கொண்டுபோய் ஒட்டிவிட்டேன். அகராதியைப் பார்த்தேன் என்று மனசாட்சியோடு சொல்லலாம். படித்தேன் என்று சொல்ல முடியாது.

போனை வைத்துவிட்டு அந்தப் பதிவை மறுபடி திறந்து, இந்த முறை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். இரண்டு மூன்று ஆங்கில-தமிழ் அகராதிகளில் பார்த்ததைச் சேர்த்துச் சுருக்கினால் பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும். ஆங்கிலச் சுருக்கெழுத்துகளையும் வசதிக்காகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ், என். 1. சுமை இறக்கம். 2. (துப்பாக்கி, பீரங்கி) சுடுகை, வெடிப்பு. 3. விடுவிப்பு, வெளியேற்றம், பணிவிலக்கு. 4. (கடன்) தீர்வு, (கடமை) நிறைவேற்றம். 5. (மரு.) ஒழுக்கு, கசிவு; சீழ். 6. (மின்.) மின்னிறக்கம். — வி.டி. 1. (சரக்கு) இறக்கு. 2. சுடு. 3. விடுவி, வெளியேற்று. 4. (கடன்) தீர், (கடமை) ஆற்று. — வி.ஐ. 1. (ஆறு) சென்று கல. 2. (புண்) சீழ் வடி.

நான் எடுத்தது மூன்றாம் பொருள். எனக்கு வேண்டியது ஐந்தாவது. இடையில் இருந்த தூரம் ஒரு வரிகூட இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது ‘என்.’, ‘வி.டி.’, ‘வி.ஐ.’ என்ற மூன்று சிறு குறிகள். இவற்றைத் தூசி மாதிரி ஊதித் தள்ளிவிட்டுப் பொருளுக்குப் பாய்வதுதான் பெரும்பாலோர் பழக்கம், எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலாவது பெயர்ச்சொல். மற்ற இரண்டும் வினை. வி.டி. என்பது செயப்படுபொருள் குன்றாத வினை, வி.ஐ. என்பது குன்றிய வினை. ‘எதை’ என்று கேட்டால் பதில் வருகிற வினைக்கும் வராத வினைக்கும் உள்ள வேறுபாடு, அவ்வளவுதான். பள்ளியில் தன்வினை, பிறவினை என்பதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு மறந்துபோன அதே பாடம்.

இந்த மூன்று குறியும் நீளமான பதிவை மூன்று அறைகளாகத் தடுக்கின்றன. என் வாக்கியத்தில் அந்தச் சொல் எந்த அறையைச் சேர்ந்தது என்று முதலில் தீர்மானித்துவிட்டால் மற்ற இரண்டு அறைகளுக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டாம். ஏழாவது வரியில் அதன்முன் ‘மஞ்சள்’ என்ற அடை நிற்கிறது, ஆகவே பெயர். கடைசிப் பத்தியில் ‘புண்’ எழுவாயாக இருக்கிறது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் எதுவும் வரவில்லை. எதை என்று கேட்டால் பதிலில்லை. ஆகவே வி.ஐ. அந்த அறைக்குள் இருப்பதே இரண்டு பொருள்தான், அதில் ஒன்று ஆறு கடலில் கலப்பது. தேட வேண்டிய இடம் பன்னிரண்டு பொருளிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது. நான் மட்டும் முதல் நாளே இதைச் செய்திருந்தால் அந்த போன் வந்திருக்காது.

அடுத்தது எண்கள். ஒன்று என்று போட்டிருப்பதால் அதுதான் முக்கியமான பொருள் என்று நினைப்பது இயல்பு. எந்த அகராதி என்பதைப் பொறுத்துத்தான் அதைச் சொல்ல முடியும். மொழி கற்பவர்களுக்காக வரும் அகராதிகள் அதிகம் புழங்கும் பொருளை முதலில் வைக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் மெரியம்-வெப்ஸ்டரும் வரலாற்று வரிசையில் போகும், அதாவது மிகப் பழைய பொருள் முதலில் வரும், நேற்றுப் பிறந்தது கடைசியில் வரும். பெரிய ஆங்கில அகராதி எதையாவது முன்னால் வைத்துக்கொண்டு தொகுத்த இருமொழி அகராதியிலும் அந்த வரிசை அப்படியே வந்து உட்கார்ந்துவிட வாய்ப்பு அதிகம். மேலே இருக்கும் பதிவில் முதல் பொருள் சுமை இறக்கம். இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் யாருக்கும் சரக்கு நினைவுக்கு வராது. ஆனால் பிறப்பு அங்கேதான். பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போனால் வேரில் நிற்பது ஒரு வண்டி. வண்டியில் ஏற்றியதை இறக்குவதுதான் மூலப் பொருள்.

அந்த வண்டியை மனதில் வைத்துக்கொண்டு பதிவை மறுபடி படித்துப் பாருங்கள். கப்பல் சரக்கை இறக்குகிறது. துப்பாக்கி தனக்குள் இட்ட மருந்தை இறக்குகிறது. கடன்காரன் தலையிலிருந்து கடன் இறங்குகிறது. உடம்பு தனக்குள் சேர்ந்ததை இறக்குகிறது. மின்கலத்துக்கும் அதே கதைதான். ஏற்றியது இறங்குவதால் மின்னிறக்கம் என்று தமிழில் சொல் அமைத்தவர் அந்த வண்டியை அறிந்துதான் செய்தாரா என்று தெரியாது, ஆனால் சொல் அச்சாகப் பொருந்துகிறது. முதல் பொருள் நமக்கு நேரடியாகப் பயன்படாதபோதும் மற்ற பொருள்கள் எந்தக் கொம்பிலிருந்து கிளைத்தன என்று காட்டும். ஆனால் அதை அப்படியே பறித்து வாக்கியத்தில் வைத்தால் வம்புதான்.

எண்களைவிட எனக்கு உதவுவது பிறைக்குறிகள். இருமொழி அகராதியில் பிறைக்குறிக்குள் இரண்டு விதமான விஷயம் வரும். ஒன்று துறை. (மரு.) என்றால் மருத்துவம், (மின்.) என்றால் மின்னியல். இன்னொன்று அந்தச் சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் துணைச்சொல். (கடன்) தீர் என்பதில் கடன் என்பது பொருளின் பகுதி இல்லை. உன் வாக்கியத்தில் செயப்படுபொருள் கடனாக இருந்தால் இந்தப் பொருளை எடு, துப்பாக்கியாக இருந்தால் கைவைக்காதே என்று அகராதிக்காரர் கையைப் பிடித்துச் சொல்கிறார். (புண்) சீழ் வடி என்பதில் புண் இருப்பதும் அப்படித்தான். என் வாக்கியத்திலும் புண், அங்கேயும் புண். இதைவிட வெளிப்படையாக யாரும் வழிகாட்ட முடியாது. நான் அதை வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

துறைக்குறி எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். பல அகராதிகளில் எண்ணுக்குப் பிறகு வந்தால் அந்த ஒரு பொருளுக்கு மட்டும், எண்களுக்கெல்லாம் முன்னால் வந்தால் பின்வரும் எல்லாப் பொருளுக்கும் அது செல்லும். காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. ஐந்தாம் பொருளில் ‘ஒழுக்கு, கசிவு; சீழ்’ என்று இருக்கிறது. ஒழுக்குக்கும் கசிவுக்கும் நடுவில் காற்புள்ளி. ஒன்றுக்குப் பதில் ஒன்றை வைத்துப் பார்க்கலாம், அடுத்தடுத்த வீடு மாதிரி. சீழுக்கு முன்னால் அரைப்புள்ளி. தெரு மாறிவிட்டது, ஜாக்கிரதை என்று அர்த்தம். எல்லா அகராதியும் இதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை. சில பழைய அகராதிகளில் எண்களே இருக்காது, அரைப்புள்ளியைத்தான் எண்ணாகக் கருதிப் படிக்க வேண்டும். ஆகவே எந்த அகராதியானாலும் நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லின் பதிவை முதலில் படித்துப் பார்த்து, இவர் புள்ளிகளை எப்படி வைக்கிறார் என்று பழகிக்கொள்வது என் வழக்கம்.

அந்த அரைப்புள்ளியில்தான் என் இரண்டாவது தப்பு நடந்தது. ஐந்தாம் பொருளைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ‘மஞ்சள் நிறச் சீழ் இருந்தால்’ என்று திருத்தி அனுப்பினேன். மறுபடி போன்.

“சீழ்னு எழுதிட்டீங்க. சீழ்னா கிருமி புகுந்து பழுத்தாச்சுன்னு அர்த்தம். அவங்க சொல்றது அதுக்கு முந்தின நிலைமையும் சேர்த்து. தண்ணியா ஊறினாலும் வரணும், கெட்டியா வந்தாலும் வரணும். சீழ்னு போட்டா, தண்ணியா ஊறுறவங்க ‘இது சீழ் இல்லையே’ன்னு வீட்டுலயே உட்கார்ந்துடுவாங்க.”

ஆங்கிலச் சொல் அகலமானது. புண்ணிலிருந்து வரும் எதுவும் அதற்குள் அடங்கும், தெளிந்த நீர், ரத்தம் கலந்த நீர், சீழ் எல்லாமே. சீழ் அதில் ஒரு வகை மட்டும். இருமொழி அகராதி இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறதே தவிர இரண்டின் அகலமும் ஒன்றா என்று சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எடுத்த தமிழ்ச் சொல்லைத் தமிழ்-ஆங்கில அகராதியில் திருப்பிப் பார்ப்பது. சீழ் என்று தேடினால் ஆங்கிலத்தில் வருவது பஸ் என்ற வேறொரு சொல். புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரவில்லை என்றால் வழியில் எங்கோ குறுகிவிட்டோம் என்று பொருள். கசிவைத் திருப்பிப் பார்த்தால் மெல்ல ஊறுதல், ஒழுகுதல் என்று வருகிறது. அகலம் சரி, ஆனால் அளவு குறைவு. கட்டு நனையும்படி வருவதைக் கசிவு என்று யாரும் சொல்வதில்லை. மிஞ்சியது வினை அறையில் பார்த்த வடி. நீரும் வடியும், சீழும் வடியும், ரத்தமும் வடியும்.

வடியைத் திருப்பிப் பார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறந்தேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, பிறகு ஓர் இணைப்புத் தொகுதியும் சேர்ந்த பேரகராதி. ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் சொல்வதால் அதுவும் இருமொழி அகராதிதான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். முதல்முறை பார்க்கிறவரை அது மிரட்டும், காரணம் எண்கள். ஒரே பதிவில் நாலு விதமான எண்கள் வரும், நாலுக்கும் நாலு வேலை.

தலைச்சொல்லின் தோளில் சின்னதாக ஏறி உட்கார்ந்திருக்கும் எண் ஒன்று. எழுத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் இவை வெவ்வேறு சொற்கள் என்பதற்கான எண் அது. வடி என்று ஒரு வினை இருக்கிறது, வடி என்று இன்னொரு வினை இருக்கிறது, மாவடுவைக் குறிக்கும் வடி இருக்கிறது, கூர்மையைக் குறிக்கும் வடி இருக்கிறது. தலைச்சொல்லில் ‘வடி’க்குப் பிறகு ஒரு கோடு போட்டு ‘-தல்’ என்றோ ‘-த்தல்’ என்றோ இருக்கும். அதற்கப்புறம், ‘வி.’ என்ற வினைக்குறிக்கு முன்னால், தனியாக இன்னொரு எண். வடிதலுக்கு 4, வடித்தலுக்கு 11. இதைப் பொருள் எண் என்று நினைத்து ‘ஒன்று, இரண்டு, மூன்று எங்கே போச்சு’ என்று தேடியவன் நான். அதன்பின் வருகிற 1, 2, 3 தான் பொருள்களின் வரிசை. கடைசியாக, மேற்கோள் நூலின் பெயருக்குப் பக்கத்தில் பிறைக்குறிக்குள் வருவது பாடல் எண்ணோ குறள் எண்ணோ.

இதில் இரண்டாவது எண்தான் எனக்குப் புதையல். தமிழ் வினைகள் கால இடைநிலை ஏற்கும் விதத்தை வைத்து லெக்சிகன் அவற்றைப் பதின்மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. நாலாம் வகை என்றால் இறந்தகாலத்தில் ‘ந்த்’ வரும், நிகழ்காலத்தில் வல்லெழுத்து மிகாது. வடிந்தது, வடிகிறது, வடியும். பதினோராம் வகை என்றால் ‘த்த்’ வரும், நிகழ்காலத்தில் மிகும். வடித்தான், வடிக்கிறான், வடிப்பான். வெள்ளம் வடிந்தது, தண்ணீர் சொட்டி வடிந்தது எல்லாம் முதல் வடி. வடிகட்டுவது, கூர் செய்வது, காதைத் தொங்க வளர்ப்பது எல்லாம் இரண்டாவது வடி. முன்னது தானாக நடப்பது. பின்னதை யாரோ செய்ய வேண்டும்.

கடைசிப் பத்தியில் நான் முதலில் என்ன எழுதியிருந்தேன் என்று அப்போதுதான் போய்ப் பார்த்தேன். ‘புண் சீழை வெளியேற்றினால்’ என்று இருந்தது. அதைத் திருத்தி ‘புண் சீழ் வடித்தால்’ என்று ஆக்கி வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் புண் எழுவாய், அதனால் தமிழிலும் புண்ணே ஏதோ வேலை செய்கிற மாதிரி என் கை எழுதிவிட்டது. வடித்தல், பதினொன்று, குன்றாவினை. புண் உட்கார்ந்து சல்லடை வைத்து வடிகட்டுகிற காட்சி. எனக்கு வேண்டியது நாலு.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாலு என்றால் தானாக நடப்பது, பதினொன்று என்றால் ஒருவர் செய்வது என்று மனப்பாடம் செய்துவிடக் கூடாது. உடை, எரி, நனை, அழி, வடி இவற்றிலெல்லாம் அப்படிச் சோடியாக வருவதால் அது ஒரு விதி போலத் தெரியும். ஆனால் அறி நாலாம் வகை, அறிந்தான் என்று வரும், எதை அறிந்தான் என்று கேட்கலாம். சிரி பதினோராம் வகை, சிரித்தான் என்று வரும், எதைச் சிரித்தான் என்று கேட்க முடியாது. எண் சொல்வது உருவத்தை மட்டும். குன்றியதா குன்றாததா என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு குறி போட்டுச் சொல்லியிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வெளியேறு, வெளியேற்று இரண்டிலும் உள்ள ஏறும் ஏற்றும் ஐந்தாம் வகை. எண் உதவாது, பக்கத்துக் குறிதான் உதவும்.

லெக்சிகனில் பொருளுக்குப் பின்னால் ஒற்றை ஆங்கில எழுத்துகளும் வரும். ஜே. என்றால் யாழ்ப்பாண வழக்கு. டபிள்யூ. என்பதை ஏதோ மேற்குப் பக்கத்து வட்டார வழக்கு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன், தொடக்கத்தில் உள்ள சுருக்க விளக்கப் பட்டியலைப் புரட்டாததன் பலன். அது விண்ஸ்லோ. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் இருந்த அமெரிக்கப் பாதிரியார், 1862-இல் பெரிய தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்டவர். ஒரு பொருளுக்கு எந்த நூல் மேற்கோளும் இல்லாமல் அந்த ஒற்றை எழுத்து மட்டும் நின்றால், அதற்குச் சாட்சி அந்தப் பழைய அகராதிதான் என்று எடுத்துக்கொள்வேன். தப்பு என்று அர்த்தமில்லை. ஆனால் இன்று ஒரு நோயாளி கையில் கொடுக்கும் தாளில் அந்தச் சொல்லை வைப்பதற்கு முன்னால் பத்துமுறை யோசிப்பேன்.

லெக்சிகன் இலக்கியத்தையும் பழைய வழக்கையும் தாங்குவது, அதனால் இன்றைய புழக்கம் எது என்று அதைக் கேட்டுப் பயனில்லை. அதே தாளில் ‘கெட்ட வாடை’ என்ற இடத்துக்கு நாற்றம் என்று எழுதலாமா என்று பார்த்தால், அந்தச் சொல் நறுமணத்துக்கும் உரியதாக இருந்த காலமும் அங்கே உயிரோடு நிற்கிறது. ஆண்டாள் கருப்பூரம் நாறுமோ என்று கேட்டது துர்நாற்றத்தைப் பற்றி இல்லை. இன்று எது செல்லும் என்று பார்க்க நான் போவது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிக்கு. தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருகிறது, முதல் பதிப்பு 1992. அதன் சுருக்கங்களெல்லாம் தமிழிலேயே இருக்கும். பெ. பெயர், வி. வினை, து.வி. துணைவினை. பே.வ. என்றால் பேச்சு வழக்கு, உ.வ. என்றால் உயர் வழக்கு, அ.வ. என்றால் அருகிவரும் வழக்கு. இந்த மூன்றாவது குறியைப் பார்த்ததும் நான் அந்தச் சொல்லை மரியாதையாகக் கும்பிட்டு நகர்ந்துவிடுவேன். வினை வகைக்கு எண்ணெல்லாம் கிடையாது, நேரடியாக ‘வடிய, வடிந்து’, ‘வடிக்க, வடித்து’ என்று வடிவங்களையே கொடுத்துவிடுகிறது. பதின்மூன்று வகையையும் நினைவில் வைக்க முடியாதவர்களுக்கு இதுவே எளிது. எனக்கும்தான்.

இத்தனையும் பார்த்த பிறகும் அகராதி சொல்லித்தராத ஒன்று மிச்சம் இருந்தது. ஏழாவது வரியில் ஆங்கிலத்தில் இருப்பது பெயர்ச்சொல். பெயருக்குப் பெயர் என்று வைத்தால் ‘மஞ்சள் நிற வடிதல் இருந்தால்’ என்று வரும். இலக்கணப்படி குறையில்லை, ஆனால் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். தமிழ் இந்த இடத்தில் வினையைத்தான் கேட்கிறது. நீர் மஞ்சளாக வடிந்தால் என்று சொன்னால்தான் காதுக்கு ஏறும். சரியான அறைக்குப் போ என்று இத்தனை நேரம் சொன்ன நானே, பெயர் அறையில் பொருளைத் தெரிந்துகொண்டு, சொல்லை வினை அறையிலிருந்து எடுத்தேன். எந்தப் பொருள் என்று தீர்மானிக்க அந்தக் குறிகள் தேவை. தீர்மானித்த பிறகு வாக்கியம் எப்படி அமைய வேண்டும் என்பது தமிழின் பாடு.

தலைப்புதான் கடைசிவரை இழுத்தது. அங்கே மூன்றாம் பொருள்தான், நான் முதல் நாளே சரியாக எடுத்த எண். ஆனாலும் ‘வெளியேற்றத்துக்குப் பிந்தைய குறிப்புகள்’ என்பதைப் படித்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய மாதிரி இருக்கிறது. வெளியேற்று என்பதில் எப்போதும் ஒரு வலுக்கட்டாயம் உண்டு. அடுத்து நின்ற விடுவிப்பு நீதிமன்றச் சொல். அங்கே அதற்குக் கறாரான இடம் இருக்கிறது. வழக்கை மேலே நடத்தவே ஆதாரம் போதவில்லை என்று தொடக்கத்திலேயே விட்டுவிட்டால் விடுவிப்பு, விசாரணை முழுவதும் நடந்து குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானால் விடுதலை. குடல்வால் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவானேன். எண் சரி, பொருள் சரி, இருந்தும் அந்த எண்ணுக்குக் கீழே இருந்த சொற்களில் ஒன்றும் இந்தத் தாளுக்கு உதவவில்லை.

அம்மாவிடமே கேட்டேன். “நீங்க வார்டுல என்ன சொல்லுவீங்க?”

“நாளைக்கு டிஸ்சார்ஜ், வீட்டுக்குப் போகலாம்னு சொல்லுவோம். வேற என்ன சொல்றது?”

தலைப்பு ‘வீட்டுக்குப் போகிறவர்களுக்கான குறிப்புகள்’ என்று ஆயிற்று. ஏழாவது வரி, ‘தையல் போட்ட இடத்திலிருந்து நீரோ சீழோ மஞ்சளாக வடிந்தால், அல்லது கெட்ட வாடை வந்தால், உடனே மருத்துவரிடம் வாருங்கள்.’ கடைசிப் பத்தியில், ‘வடிவது நிற்கும்வரை கட்டைப் பிரிக்க வேண்டாம்.’ மூன்று இடத்துக்கு மூன்று வேறு வாக்கியம். ஆங்கிலத்தில் இருந்த அந்த ஒரு சொல் தமிழ்த்தாளில் எங்கேயும் ஒரே உருவத்தில் இல்லை.

அனுப்பிவிட்டுக் காபி போட எழுந்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி அவர்தான்.

“இது சரியா இருக்கு தம்பி. அடுத்து, இங்கிலீஷ்ல டிரெஸ்ஸிங்னு நாலு இடத்துல வருது. நீங்க நாலுலயும் கட்டுன்னு போட்டிருக்கீங்க. நாலாவது இடத்துல பாருங்க, ‘கட்டும்போது தளர்வான கட்டை அணியவும்’னு இருக்கு. அங்க அவங்க சொல்றது சட்டை இல்லையா?”

அகராதியைத் திறந்தேன். என்., வி.டி., வி.ஐ.